இடை டோஸும் வயிற்று வலியும்: வீட்டில் மார்பின் கொடுத்த ஒரு நிகழ்வு

பின்னணி

நோயாளி 58 வயதுப் பெண். மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் கீழ் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. கதிர்வீச்சு ஒரு சுற்று முடிந்து, சில மாதங்கள் வலி அடங்கியிருந்து, மறுபடி கிளம்பியிருந்தது. பாராசிட்டமாலும் டிரமடாலும் முழு அளவில் கொடுத்தும் பத்துக்கு எட்டு என்று வலியைச் சொன்னார். இரவில் இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. அதன் பிறகே மருத்துவர் டிரமடாலை நிறுத்திவிட்டு மார்பினைத் தொடங்கினார். பாராசிட்டமால் தொடர்ந்தது.

பகலில் மகனும் இரவில் மகளும் பார்த்துக்கொண்டார்கள். நான் வீடுகளுக்குச் சென்று பார்க்கும் நோய்த்தணிப்புக் குழுவில் செவிலியர். முதல் பதினாறு நாட்களில் நடந்ததையே இங்கே விரிவாக எழுதுகிறேன். அதில் இரண்டு தவறுகள் நடந்தன. ஒன்று வீட்டில் நடந்தது, ஆனால் நாங்கள் சொன்ன விதத்தால் நடந்தது. மற்றொன்று நேராக என்னுடையது.

முதல் நாள்: என்ன சொல்லிவிட்டு வந்தோம்

உடனடியாக வேலை செய்யும் 10 மி.கி. மார்பின் மாத்திரையில் பாதி, அதாவது 5 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணி டோஸ் மட்டும் இரட்டிப்பு, 10 மி.கி. நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பிக் கொடுக்காமல் இருப்பதற்காக இப்படிச் செய்வது வழக்கம். ஆக நாள் முழுவதற்கும் 30 மி.கி. இதை நாங்கள் ‘வேளை டோஸ்’ என்கிறோம்.

வேளை டோஸ்களுக்கு நடுவே வலி கிளம்பினால் கொடுக்க ஒரு ‘இடை டோஸ்’ உண்டு. அதன் அளவு நாளின் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. இவருக்கு 30-இல் ஆறில் ஒன்று, 5 மி.கி. வாயால் கொடுக்கும் மார்பின் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் ஓர் இடை டோஸ் கொடுத்தபின் அடுத்த இடை டோஸுக்கு ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் இன்னொன்றைக் கொடுத்தால், முதல் டோஸ் என்ன செய்தது என்று தெரியும் முன்பே இரண்டாவது அதன்மேல் ஏறிவிடும்.

இதுவரை சரியாகவே சொன்னோம். மலச்சிக்கலுக்கு இரவில் பிசாகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டு எழுதிக் கொடுத்தோம். மருந்து எழுதும் முன் மருத்துவர் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துக்கொண்டார். மார்பின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அவை உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இவருக்கு அந்தக் குறை இல்லை.

ஒரு நோட்டு கொடுத்து, கொடுக்கும் நேரத்தையும் அளவையும் எழுதச் சொன்னோம். அதில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது.

நான்காம் நாள்: நோட்டில் கண்டது

நான் போனபோது அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலி எவ்வளவு என்று கேட்டதற்கு ஏழு விரல் காட்டினார். மகன் நோட்டை நீட்டி, “ஒரு நாளைக்கு நாலு தடவை கூடுதலா கொடுக்கறோம் சிஸ்டர், ஆனாலும் தாங்கலை” என்றார்.

நாலு இடை டோஸ் என்றால் வேளை டோஸ் போதவில்லை என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஒரு நாளில் மூன்று நான்கைத் தாண்டினால் வேளை டோஸை உயர்த்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறையும்கூட. ஆனால் நோட்டில் நேரங்கள் சரியாக அமையவில்லை. முந்தைய நாள் இப்படி இருந்தது: காலை 6, 8.30, மதியம் 12.30, 3, மாலை 7, இரவு 9.30, அதிகாலை 3. எல்லாம் 5 மி.கி.

10 மணி எங்கே, 2 மணி எங்கே என்று கேட்டேன். மகன் பொறுமையாக விளக்கினார். 8.30-க்கு வலி வந்தது, ஒன்று கொடுத்தார். “நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்களே?” அதனால் அடுத்ததை அதிலிருந்து நான்கு மணி நேரம் எண்ணி 12.30-க்குக் கொடுத்தார். 3 மணிக்கு மறுபடி வலி, ஒன்று கொடுத்தார். அதிலிருந்து எண்ணி 7 மணி. இரவு 9.30-க்கு ஒன்று கொடுத்ததால் 10 மணிக்கு வர வேண்டிய இரட்டிப்பு டோஸைக் கொடுக்கப் பயந்து விட்டுவிட்டார்கள். அம்மா தூங்கிப் போனார். 3 மணிக்கு வலியால் விழித்தார்.

அதாவது ஒவ்வோர் இடை டோஸும் வேளை டோஸின் கடிகாரத்தைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வேளை டோஸ் முழுவதும், அதோடு நான்கு இடை டோஸும் போயிருந்தால் 30-உம் 20-உம் சேர்ந்து 50 மி.கி. கிடைத்திருக்க வேண்டும். உண்மையில் போனவை ஏழு தடவை, 35 மி.கி. வேளை டோஸ் என்று சொல்லத்தக்கவை 6, 12.30, 7 ஆகிய மூன்று மட்டுமே. வேளை டோஸ் தள்ளிப்போவதால் ரத்தத்தில் மருந்து இறங்குகிறது. இறங்குவதால் வலி கிளம்புகிறது. வலிக்கு இடை டோஸ் கொடுத்தால் அடுத்த வேளை டோஸ் இன்னும் தள்ளிப்போகிறது.

வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்று சொன்னால் கேட்பவர் கடைசியாகக் கொடுத்ததிலிருந்துதான் எண்ணுவார். வேறு எப்படி எண்ணுவார்?

நான்காம் நாள்: எடுத்த முடிவு

மருத்துவரிடம் தொலைபேசியில் நோட்டைப் படித்துக் காட்டினேன். டோஸை உயர்த்த வேண்டாம், முதலில் நேரத்தைச் சரிசெய்து இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்றார். எழுதிய டோஸே உடம்புக்குள் போகாத நிலையில் அது போதுமா போதாதா என்று தீர்மானிக்க முடியாது என்பதுதான் காரணம்.

ஐந்து வேளை நேரங்களையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். இடையில் எது கொடுத்தாலும் அந்த ஐந்தும் அசையாது. 9.30-க்கு இடை டோஸ் கொடுத்திருந்தாலும் 10 மணிக்கு வேளை டோஸ் உண்டு.

இங்கேதான் மகள் தயங்கினார். அரை மணி இடைவெளியில் இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடாதா என்று கேட்டார். நியாயமான பயம். வெறுமனே ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் கொடுக்க மாட்டார். அதனால் எதைப் பார்க்க வேண்டும் என்று செய்தே காட்டினேன். வாயால் அளவாக எடுத்துவருபவருக்கு மார்பின் மிகுந்துவிட்டால், மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடிவரும். ஆகவே ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண் திறந்து பதில் சொன்னால் கொடுக்கலாம். கூப்பிட்டும் உலுக்கியும் சரியாக விழிக்கவில்லை என்றாலோ, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி அது பத்துக்குக் கீழே இருந்தாலோ கொடுக்கக் கூடாது. எங்களைக் கூப்பிட வேண்டும். மகள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் மூச்சை எண்ணினார். பதினாறு வந்தது. மறுபடி எண்ணினார், பதினைந்து. அப்புறம்தான் தலையாட்டினார்.

தொடர்ந்து இரண்டு இடை டோஸ், ஒரு மணி நேர இடைவெளியில் கொடுத்தும் வலி குறையவில்லை என்றால் மூன்றாவதற்குப் போகாமல் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிளம்பும்போது மலம் போகிறதா என்று கேட்டேன். இரண்டாம் நாள் போனது என்றார்கள். பிசாகோடில் கொடுக்கவே இல்லை. “ரெண்டு வாய்தான் சாப்பிடறாங்க, எங்கிருந்து வரும்?” என்றார் மகன். சாப்பிடாவிட்டாலும் குடலில் மலம் சேரும் என்றும், மார்பின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது என்றும், மற்ற தொல்லைகளைப் போல இது நாளடைவில் பழகிப் போகாது என்றும் சொன்னேன். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். மலச்சிக்கல் மார்பின் உள்ளவரை இருக்கும். அதனால் மலமிளக்கியும் மார்பின் உள்ளவரை வேண்டும். இதைச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, நோட்டில் அதற்கு ஓர் இடம் ஒதுக்காமல் வந்துவிட்டேன்.

ஏழாம் நாள்: டோஸை உயர்த்தியது

நேரம் சரியானதும் வலி ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது. இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினார். ஆனால் நாளுக்கு மூன்று இடை டோஸ் இன்னும் தேவைப்பட்டது. அவை வந்த நேரத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. காலை 9, மதியம் 1, மாலை 5 என அடுத்த வேளை டோஸுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வலி வந்துகொண்டிருந்தது. இப்படி வந்தால் அது திடீரென்று கிளம்பும் வலி அல்ல. வேளை டோஸ் அடுத்த வேளை வரை தாங்கவில்லை என்று பொருள். அதற்கு இடை டோஸை அடிக்கடி கொடுப்பது தீர்வல்ல, வேளை டோஸைத்தான் உயர்த்த வேண்டும்.

உடம்புக்குள் உண்மையாகப் போய்க்கொண்டிருந்தது 30-உம் மூன்று இடை டோஸின் 15-உம் சேர்த்து 45 மி.கி. அதை ஏற்கெனவே தாங்கிக்கொண்டு நன்றாக விழித்துப் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவர் வேளை டோஸை 10 மி.கி. ஆக்கினார். இரவில் 20, நாளுக்கு 60. போய்க்கொண்டிருந்த அளவோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மொத்தம் கூடியதால் இடை டோஸும் 10 மி.கி. ஆனது. இதைச் சிலர் மறந்துவிடுவார்கள். வேளை டோஸ் ஏறியபின் இடை டோஸை மட்டும் பழைய அளவிலேயே விட்டால் அது வலிக்கு எட்டாது.

இந்தக் கலந்தாய்வு முழுவதும் தொலைபேசியில் நடந்தது. வலியைப் பற்றி நான்கைந்து கேள்வி கேட்டோம். மலத்தைப் பற்றி மருத்துவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள்: ஒரு தொலைபேசி அழைப்பு

மாலையில் மகன் கூப்பிட்டார். அம்மாவுக்குப் பேதி ஆகிறது, காலையிலிருந்து ஐந்தாறு தடவை, தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, துணியெல்லாம் நனைகிறது, பிசாகோடிலை நிறுத்தலாமா என்று கேட்டார். நான் வேறொரு வீட்டில் இருந்தேன். இன்று இரவு நிறுத்திவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன்.

இதுதான் என் தவறு. மார்பின் எடுக்கும் ஒருவருக்கு ‘பேதி’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக உருவான மலம் நிறைய எப்போது போனது என்பது. அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்தாம் நாளன்று புளியங்கொட்டை மாதிரி இரண்டு மூன்று உருண்டை போனதற்குப் பிறகு ஒன்றுமே போகவில்லை என்பது தெரிந்திருக்கும். பேதி ஆகிவிடுமோ என்று பயந்து இரண்டுக்குப் பதிலாக ஒரு மாத்திரையே கொடுத்துவந்ததும் தெரிந்திருக்கும். கெட்டியான மலம் மலக்குடலை அடைத்து நிற்கும்போது, அதற்கு மேலே இருக்கும் நீர்த்த மலம் பக்கவாட்டில் வழிந்து கசியும். பார்ப்பவருக்கு அது பேதி மாதிரியே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, அடக்க முடியாமல், துணி நனைய என்று மகன் சொன்னதெல்லாம் அந்தக் கசிவின் அடையாளங்கள்.

மறுநாள் அவர்கள் பேதியை நிறுத்தும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என் வாயிலிருந்து ‘நிறுத்துங்கள்’ என்று வந்தபின் அடுத்த படி அதுவாகத்தான் இருக்கும்.

பதினான்காம் நாள்: நேரில் பார்த்தபோது

காலையில் மகள் கூப்பிட்டு, இரவெல்லாம் வலி, முந்தைய நாள் காலையிலிருந்து ஐந்து இடை டோஸ் கொடுத்தாயிற்று, இரண்டு தடவை வாந்தி என்றார். உடனே போனேன்.

நோட்டில் மகன் எழுதிய இடங்களிலெல்லாம் ‘வலி’ என்று மட்டும் இருந்தது. அதிகாலை 2 மணிக்கு எதிரே மகளின் கையெழுத்தில், ஓரத்தில் சாய்வாக, “வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க” என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் விஷயம் முழுவதும் இருந்தது. இவருக்கு மார்பின் கொடுப்பது இடுப்பு வலிக்கு. இரவு வந்ததோ வயிற்றில் விட்டு விட்டு முறுக்கிப் பிடிக்கும் வலி.

வயிறு உப்பியிருந்தது. இடது அடிவயிற்றில் கை வைத்தால் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. விரலால் மெல்ல அழுத்தினால் பிசைந்த களிமண்ணைப் போல அந்தக் கட்டி குழிந்தது. நோய்க் கட்டி அப்படிக் குழியாது. மருத்துவரை வரச் சொன்னேன். அவர் மதியம் வந்தார்.

மலக்குடலைத் தொட்டுப் பார்க்கும் முன் அவர் வேறு இரண்டு விஷயங்களைச் சோதித்தார். முதலாவது, குடல் முழுதாக அடைபட்டிருக்கிறதா என்பது. அப்படியிருக்கும்போது குடலைத் தூண்டும் மருந்து கொடுத்தால் வலியும் ஆபத்தும் கூடும். வாயு பிரிந்துகொண்டிருந்தது, குடல் ஓசை இருந்தது, வாந்தியில் மல நாற்றம் இல்லை. இரண்டாவது, முதுகெலும்பில் பரவியிருக்கும் நோய் தண்டுவடத்தையோ அதன் அடிநரம்புகளையோ அழுத்துகிறதா என்பது. இப்படிப்பட்டவருக்கு மலம் கசிவதும், சிறுநீர் கட்டுவதும், கால் தளர்வதும் அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். அது நேரம் கடத்தக் கூடாத அவசரம். கால்களில் பலம் பழையபடி இருந்தது. ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வு இருந்தது. சிறுநீர் தடையின்றிப் போனது. பிறகே கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார். மலக்குடல் முழுவதும் கெட்டியான மலம்.

முடிவும் அதன் காரணமும்

இடை டோஸ் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வேளை டோஸ் 60, ஐந்து இடை டோஸ் 50, மொத்தம் 110. ஆறால் வகுத்தால் 18-க்கு மேல். அதாவது வேளை டோஸை 10-இலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருப்போம். மலச்சிக்கலால் வந்த வலிக்கு, மலச்சிக்கலை உண்டாக்கும் மருந்தையே இரட்டிப்பாக. அதனால் குடல் இன்னும் மந்தமாகி, வயிற்று வலி இன்னும் கூடி, இன்னும் இடை டோஸ் கேட்டிருப்பார்.

மருத்துவர் வேளை டோஸை 10 மி.கி.யிலேயே வைத்தார். நிறுத்தவும் இல்லை. மகன் மார்பினையே நிறுத்திவிடலாமா என்று கேட்டார். எலும்பு வலி அப்படியேதான் இருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் அது முழு வேகத்தில் திரும்பும், மார்பின் இல்லாததால் வரும் உடல் படபடப்பும் சேர்ந்துகொள்ளும் என்று மருத்துவர் விளக்கினார். பேதி நிறுத்தும் மாத்திரை மட்டும் அன்றே நின்றது.

அடியில் அடைத்திருப்பதை எடுக்காமல் மேலிருந்து மலமிளக்கியால் தள்ளினால் முறுக்கு வலிதான் கூடும். அதனால் கீழிருந்து தொடங்கினோம். 10 மி.கி. இடை டோஸ் ஒன்றைக் கொடுத்து நாற்பது நிமிடம் காத்திருந்தோம். இடை டோஸுக்குச் சரியான பயன்களில் இதுவும் ஒன்று. வலி வரப்போகிறது என்று தெரிந்தால் அரை மணி முக்கால் மணி முன்பே கொடுத்துவிடலாம். கிளிசரின் குச்சி இரண்டை மலத்துக்குள்ளேயே செருகி இளகவிட்டு, மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, விரலால் சிறுகச் சிறுக உடைத்து எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். போதும் என்று கை காட்டியதும் நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுக்க வேண்டியதில்லை. இரவில் எண்ணெய் எனிமா கொடுத்து உள்ளேயே தங்கவிட்டோம். மறுநாள் காலை பாஸ்பேட் எனிமா.

பதினைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குள் மூன்று முறை நிறையப் போனது. வயிறு தளர்ந்தது. மதியம் அம்மா தானாகவே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்ததாக மகள் குறுஞ்செய்தி அனுப்பினார்.

அன்றிரவு முதல் பிசாகோடில் முழு அளவில், இரண்டு மாத்திரை. குடலை அசைக்க அது. மலத்தை இளக்க லாக்டுலோஸ் 15 மி.லி. காலையும் இரவும். மார்பின் எடுப்பவருக்கு இந்த இரண்டு வேலையும் நடக்க வேண்டும். இளக்க மட்டும் செய்தால் அசையாத குடலில் இளகிய மலம் தேங்கும். நார்த்தூள் கரைத்துக் கொடுக்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றோம். ஒரு நாளில் முக்கால் லிட்டர்கூடக் குடிக்காதவருக்கு, மந்தமான குடலில் நார் பசையாக இறுகி அடைப்பை இன்னும் கெட்டிப்படுத்தும்.

அதன் பிறகு

பதினாறாம் நாள் இரண்டு இடை டோஸ். பதினேழாம் நாள் ஒன்று. மார்பின் ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாமல் ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது. வயிற்று வலி போனபின் அதே டோஸ் மிகுந்துபோய்த் தூக்கக் கலக்கம் வருகிறதா என்று இரண்டு நாள் கவனமாகப் பார்த்தோம். மகள் மூச்சை எண்ணிக் குறித்துவைத்திருந்தார். பதினான்குக்குக் கீழே போகவில்லை.

மலத்துக்கு ஒரு வரையறை வைத்தோம். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது சிரமமின்றிப் போக வேண்டும். போகாமல் மூன்றாம் நாள் காலை வந்துவிட்டால் காத்திருக்காமல் பிசாகோடில் குச்சி வைக்க வேண்டும். அதை மலத்துக்குள் செருகாமல் குடல் சுவரில் படும்படி வைக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சுவரில் பட்டால்தான் அது வேலை செய்யும். பின்வந்த வாரங்களில் மூன்று முறை அப்படி வைக்க நேர்ந்தது. மறுபடி அடைப்பு வரவில்லை.

நான்காம் வாரத்துக்குள் மீதமிருந்த இடை டோஸ்கள் பெரும்பாலும் குளிப்பாட்டும் நேரத்தில் வந்தன. இடுப்பைத் திருப்பும்போது மட்டும் வலி, மற்றபடி இல்லை. அதற்காக வேளை டோஸைக் கூட்டினால் அசையாத நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார். குளிப்பாட்டுவதற்கு முக்கால் மணி முன்பு ஓர் இடை டோஸ் என்று வைத்துக்கொண்டோம். ஆறாம் வாரம் எலும்பு வலி உண்மையாகவே கூடியது. மலம் ஒழுங்காகப் போகிறது, வலி இடுப்பில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு வேளை டோஸை 15 மி.கி. ஆக்கினார் மருத்துவர். அதோடு பிசாகோடிலும் மூன்று மாத்திரை ஆனது. பத்தாம் வாரம் விழுங்க முடியாமல் போனதால் மார்பினைத் தோலடியில் செலுத்த வேண்டியிருந்தது. சில நாட்களில் வீட்டிலேயே, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, இறந்தார். கடைசி வாரத்தில் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு இடை டோஸ் தேவைப்பட்டது.

நாங்கள் மாற்றியது

நோட்டின் அமைப்பை மாற்றினோம். வேளை நேரங்கள் ஐந்தையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். வீட்டார் எதிரே குறி மட்டும் போட வேண்டும், நேரம் எழுதும் வேலை இல்லை. எழுத இடம் இல்லாததால் நேரம் நகரவும் இடம் இல்லை. ‘நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்ற சொல்லை வீட்டாரிடம் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, ஐந்து நேரங்களையும் சொல்லுகிறோம்.

இடை டோஸுக்குத் தனிப் பக்கம். அதில் நேரம், அளவு, ஒரு மணி நேரம் கழித்து வலி எத்தனை, இவற்றோடு வலி எந்த இடத்தில் என்று எழுத ஒரு பத்தி. வயிறு என்று எழுதினால் கொடுக்கும் முன் கூப்பிட வேண்டும் என்று அதே பத்தியின் தலையில் அச்சிட்டிருக்கிறோம். அதன் பக்கத்திலேயே மலம் போன நாளும், அது உருண்டையா, உருவானதா, நீரா என்பதும். இரண்டும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தனித் தாளாக வைக்கவில்லை.

வேளை டோஸை உயர்த்தும் எந்தக் கலந்தாய்விலும் முதல் கேள்வி மலத்தைப் பற்றியது. தொலைபேசியில் ‘பேதி’ என்ற சொல் வந்தால் மலமிளக்கியை நிறுத்தும்படி சொல்வதில்லை. கடைசியாக நிறையப் போனது எப்போது என்று கேட்கிறோம், மூன்று நாளுக்கு மேல் என்றால் அன்றே யாராவது நேரில் போகிறோம்.

ஒரு கேள்விக்கு மட்டும் இந்த நிகழ்வில் விடை கிடைக்கவில்லை. ஏழாம் நாள் டோஸை உயர்த்தக் காரணமாயிருந்த மூன்று இடை டோஸ்களும் எலும்பு வலிக்கே கொடுக்கப்பட்டவைதானா, அல்லது அப்போதே வயிறு பேசத் தொடங்கிவிட்டதா? நேரத்தின் ஒழுங்கைப் பார்த்தால் எலும்பு வலி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கடைசியாக உருண்டை உருண்டையாகப் போனது அதற்கு இரண்டு நாள் முன்பு. அந்த நாட்களின் நோட்டில் ‘வலி’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது.